எழுத்து மாறும் போலி, இடைவெளி மாறும் போலி

இணையச் சந்தையில் விற்கும் போலிகள் எல்லாவற்றையும் நாம் ஒரே சொல்லில் ‘டூப்ளிகேட்’ என்று முடித்துவிடுகிறோம். உண்மையில் அங்கே இரண்டு தனித்தனித் தொழில்கள் நடக்கின்றன. ஒன்று, பெயரில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றி விற்பது. மற்றது, பெயரை அப்படியே அச்சடித்து அசல் என்றே விற்பது. கடைக்காரர்கள் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று சொல்வது இந்த இரண்டாவதை. முதல் வகையில் எழுத்து மாறும், நிறம் மாறாது. இரண்டாவது வகையில் எழுத்து மாறாது, இடைவெளியும் நிறமும் பிசகும். முன்னது திட்டமிட்ட வேறுபாடு. பின்னது மறைக்க முயன்றும் வெளியே வந்துவிடுகிற வேறுபாடு. ஆகவே இரண்டையும் ஒரே கண்ணால் தேடினால் ஒன்று தப்பிவிடும்.

முதல் வகையைப் பார்ப்போம். அடிடாஸ் பெயரை ஆங்கிலச் சின்ன எழுத்தில் எழுதி, நடுவிலுள்ள ‘டி’யைத் திருப்பிப் போட்டால் அது ‘பி’ ஆகிவிடும், ‘அடிபாஸ்’ பிறந்துவிடும். பானசோனிக்கின் நடுவே ஓர் ‘ஏ’யைச் செருகினாலும் இதே கதைதான். மாற்றம் பெரும்பாலும் சொல்லின் நடுவில்தான் வரும். பழகிய சொல்லை நாம் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. முதலும் முடிவும் மொத்த உருவமும் சரியாக இருந்தால் மனம் மீதியை நிரப்பிக்கொள்ளும். கைப்பேசித் திரையில் பொருளின் படம் கட்டைவிரல் நகத்தளவுதான் தெரியும் என்பதால் இந்த வேலை இன்னும் எளிதாகிறது. விற்பவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. பிராண்டின் பெயரைச் சொல்லாகத் தேடிப் பிடிக்கும் வடிகட்டியில், ஓர் எழுத்து மாறிய பெயர் சிக்காமல் போகலாம்.

எழுத்தை மாற்றியவர் நிறத்தில் கைவைக்க மாட்டார். வாங்குபவர் பெயரைப் படிக்கும் முன்பே நிறத்தை அடையாளம் கண்டுவிடுகிறார் என்பது அவருக்குத் தெரியும். இதை நன்றாகக் காட்டும் வழக்கு 2003-இல் டில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கோல்கேட் பற்பொடி டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு சிவப்பு, மீதி வெள்ளை. ஆங்கர் நிறுவனம் அதே போன்ற சிவப்பு வெள்ளை அமைப்பில் தன் பற்பொடியைக் கொண்டுவந்தது. இரண்டு பெயர்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் நிற அமைப்பைப் பயன்படுத்த நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1963-இல், ‘அம்ருத்தாரா’ என்ற மருந்துக்கும் ‘லக்ஷ்மண்தாரா’ என்ற மருந்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவுகோலை வைத்துவிட்டது: இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் நிபுணரின் கண் அல்ல, அரைகுறை நினைவோடு கடைக்கு வரும் சராசரி மனிதரின் மனமே கணக்கு.

சட்டம் அப்படிச் சொல்வது சரி. ஆனால் வாங்குபவர் அந்தச் சராசரி மனிதராக இருந்துவிடக் கூடாது. முதல் வகைப் போலிக்கு மருந்து ஒன்றே: படத்தைப் பெரிதாக்கி, பெயரை ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படிப்பது. அதற்கு மேல் எந்தத் திறமையும் வேண்டாம்.

இரண்டாவது வகைக்கு இது உதவாது. அங்கே எழுத்தெல்லாம் சரியாகவே இருக்கும். பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். பெரிய நிறுவனங்களின் சின்னம் தட்டச்சு செய்த சொல் அல்ல. ஒவ்வோர் எழுத்தும், எழுத்துகளுக்கு இடையிலான வெளியும் தனியாகத் திருத்தி வரைந்த ஓவியம். அந்த மூல வரைபடம் கையில் இல்லாத போலித் தயாரிப்பாளர், கிட்டத்தட்ட அதேபோன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார், அல்லது ஒரு படத்தின் மேல் கோடிழுத்து நகலெடுக்கிறார். முதல் வழியில் இடைவெளி பிசகும். இரண்டாம் வழியில் கூர்மையான மூலைகள் மழுங்கும். தையலில் போட்ட சின்னமானால் சின்ன ‘ஏ’, ‘இ’ எழுத்துகளின் உள்வெளி நூலால் அடைந்துபோகும்.

பெரும்பாலான சின்னங்களின் சரியான அளவு நமக்குத் தெரியாது. பொதுவில் வெளியிடப்பட்ட ஒன்று உண்டு: சார்ஜர்களிலும் பொம்மைகளிலும் காணும் ‘சிஇ’ குறி, ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளர் அறிவிக்கும் அடையாளம். அதன் ஆங்கிலச் ‘சி’யும் ‘இ’யும் ஒரே அளவுள்ள இரண்டு வட்டங்களின் இடப்பக்கத் துண்டுகள். வட்டங்களை மனத்தில் முழுதாக்கினால் ஒன்றின் விளிம்பு மற்றதன்மேல் சற்றே ஏறும். அதனால் ‘சி’யின் வாய்க்கும் ‘இ’யின் முதுகுக்கும் நடுவே ஏறக்குறைய அரை எழுத்து அகலம் காலியாக இருக்கும். ‘இ’யின் நடுக்கோடு மேல், கீழ் முனைகளைவிடக் குட்டை. குறியின் உயரம் பொதுவாக 5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

மலிவான பல சார்ஜர்களில் இந்த இரண்டு எழுத்தும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு நிற்கும். அது ‘சைனா எக்ஸ்போர்ட்’ என்ற வேறொரு குறி என்று வெகுகாலமாக ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி ஒரு குறி இருப்பதாகத் தனக்குத் தெரியாது, அது அளவு தவறி அச்சிடப்பட்ட அதே குறிதான் என்று ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்லியிருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்று. இடைவெளி தவறாக இருந்தால் விதியைப் படிக்காதவர் செய்த பொருள் என்று சந்தேகிக்கலாம். இடைவெளி சரியாக இருந்தால் எதுவும் நிரூபணமாகாது. அந்த வரைபடத்தை யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

நிறத்திலும் இப்படித்தான். பிராண்டின் சிவப்பைப் பல நிறுவனங்கள் தனியாகக் கலந்த ஒரே மையால் அச்சிடுகின்றன. போலி அட்டைப்பெட்டி வழக்கமான நான்கு வண்ண அச்சில் போகும்போது, அந்தச் சிவப்பு நுண்ணிய புள்ளிகளாகப் பிரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரியும். ஆனால் படத்தில் மட்டும் பார்த்து நிறத்தை நம்பக் கூடாது. டியூப்லைட்டில் ஒரு சிவப்பு, வெயிலில் இன்னொரு சிவப்பு. அதே படத்தில் இருக்கும் வெள்ளைத் தாளோடும் மற்ற எழுத்துகளோடும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். இடைவெளியையும் அப்படியே, நீளமாக அளக்காமல் எழுத்தின் அகலத்தோடு விகிதமாகப் பார்த்தால் படத்தின் அளவு மாறினாலும் அதிகம் ஏமாற மாட்டோம்.

அசலும் தன்னிலிருந்து மாறுவதுண்டு. லீவைஸ் ஜீன்ஸின் பின்பையில் தைத்த சிவப்புப் பட்டையில் 1971 வரை பெயரின் இரண்டாம் எழுத்து பெரிய ‘இ’. பிறகு சின்ன ‘இ’. அந்த நிறுவனமே ஏறக்குறைய பத்தில் ஒரு பட்டையில் பெயரைப் போடாமல் பதிவுக்குறி மட்டும் வைத்துத் தைக்கிறது, பெயர் இல்லாத பட்டைக்கும் உரிமை காக்க. இது தெரியாதவர் நல்ல ஜீன்ஸைப் போலி என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இரண்டில் எது அதிகக் கேடு என்றால், என் கணிப்பில் இரண்டாவதுதான். எழுத்து மாறிய பொருளில் ஏமாற்று படத்திலேயே நம் கண்ணெதிரே இருக்கிறது. எழுத்து மாறாத போலிக்கு விற்பவர் பெரும்பாலும் அசல் நிறுவனத்தின் படத்தையே எடுத்துப் போட்டுவிடுகிறார். அந்தப் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் குறை தெரியாது. எனவே விற்பவர் போட்ட படத்தை விட்டுவிட்டு, வாங்கியவர்கள் கருத்துப் பகுதியில் போட்ட படங்களைப் பாருங்கள். சார்ஜர் போன்ற மின்பொருள் என்றால், வீட்டுக்கு வந்ததும் அதன்மேல் ‘ஆர்’ எழுத்தோடு தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டு, வரும் நிறுவனப் பெயரும் பொருளின் பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் மின்இணைப்பில் செருக வேண்டாம்; திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.