மண்டபம்: யாருக்கு முகாம், யாருக்கு அனுமதி



மண்டபம் முகாம் என்றதும் நமக்கு ஈழ அகதிகள் நினைவுக்கு வருவார்கள். அதற்கு முன்பு, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களும் அங்கேதான் வந்து இறங்கினார்கள். ஆனால் அந்த முகாம் முதலில் உருவானது நம் பாட்டன் பாட்டிகளைத் தடுத்து வைக்கத்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளுக்கு நோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகே கப்பலேற்றுவார்கள். முகாம் நம் மண்ணில் இருந்தது. நடத்தியது இலங்கை அரசாங்கம்.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. மறு ஆண்டே இங்கே தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. இலங்கைத் தோட்ட முதலாளிகளுக்கு இரண்டு பயம்: பிளேக் உள்ளே வந்துவிடக் கூடாது, கூலிகள் வருவதும் நின்றுவிடக் கூடாது. இரண்டையும் ஒன்றாகச் சமாளிக்கக் கண்ட வழிதான் இந்த முகாம்கள். முதலில் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையிலும், 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் தொடங்கிய பிறகு மண்டபத்திலும் அவை இயங்கின. திருச்சி, சேலம், ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணியோடு போனவர்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், சக்கிலியர் சேரிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களைக் குளிக்க வைத்தார்கள், துணிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கினார்கள், அம்மை குத்தினார்கள், ஐந்தாறு நாள் அடைத்து வைத்தார்கள்.

இதை முழுக்க வெள்ளைக்காரன் கொடுமை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பிளேக் கிருமி உடம்பில் புகுந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். காலரா அதற்கும் முன்பே தெரியும். ஐந்தாறு நாள் என்ற கணக்கில் காரணம் இருந்தது. அம்மை வெளிப்படப் பன்னிரண்டு நாள் போல ஆகும் என்பதால் அதற்கு அந்த அடைப்பு போதாது. அதனால்தான் அம்மைப்பால் குத்தினார்கள். நெருக்கமான லயன் வீடுகளில் அம்மை புகுந்தால் சாகப் போவதும் இதே மக்கள்தான். ஆக, ஊசியும் அடைப்பும் அவர்களையும் காத்தன.

பிறகு எங்கே கோளாறு? முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் போனவர் மருத்துவரிடம் உடம்பைக் காட்டிவிட்டு, போய்ச் சேர்ந்த ஊரில் சுகாதார அதிகாரி முன் ஆஜராகிறேன் என்ற நிபந்தனையோடு கப்பலேறிவிடலாம். தோட்டக் கூலிக்கு அந்த வழி கிடையாது. கிருமி டிக்கெட்டைப் பார்த்தா ஒட்டுகிறது? அவர் சொன்ன சொல்லை நம்பினார்கள், இவர் சொல்லை நம்பவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதன் விளைவும் வரலாற்றில் இருக்கிறது. 1914 ஜனவரியில் கொழும்பில் பிளேக் வந்தே விட்டது. துறைமுகத்தில் இறங்கிய அரிசி மூட்டைகளோடு வந்த எலிகள்தான் அதைக் கொண்டுவந்தன என்பது பரவலான கருத்து. ஆள் மேல் அத்தனை கண் வைத்தவர்கள் சரக்கை விட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. 1900இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிளேக் என்று சொல்லிச் சீனர் தெருக்களைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். நடுவே இருந்த வெள்ளையர் கட்டடங்களை மட்டும் கயிறு சுற்றிக்கொண்டு போனது. ஜூ ஹோ என்ற மளிகைக்கடைக்காரர் வழக்குப் போட்டார். நோய்த்தடுப்பு அதிகாரம் அரசுக்கு உண்டு என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கயிறு இனத்தைப் பார்த்துக் கட்டப்பட்டது, நோயுள்ள வீட்டைத் தனிமைப்படுத்தாமல் எல்லோரையும் சேர்த்து அடைத்தால் நோய் கூடத்தான் செய்யும் என்று சொல்லித் தடை கொடுத்தது. மண்டபத்துக் கூலிக்கு வழக்குப் போட வாய்ப்பிருந்ததா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் காலத்துக்கு வருகிறேன். 2021 நவம்பரில், 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, பொது இடங்களுக்கு வருவோர் கொரோனா தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் உத்தரவானது. இதே வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை மனுவோடு வருகிறவரும் பொது இடத்துக்கு வருகிறவர்தான். 2022 மே 2ஆம் தேதி ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. யார் உடம்பிலும் வலிந்து ஊசி போட முடியாது. சமூகத்தைக் காக்கக் கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அது ஆபத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஊசி போடாதவர்தான் அதிகம் பரப்புகிறார் என்பதற்கு அரசுகள் தரவு காட்டாததால், அப்போதிருந்த தடைகள் பொருத்தமானவை அல்ல என்றது.

தீர்ப்பு சரிதான். ஆனால் நம் தோழர்கள் சிலர் இதை வைத்து ஊசியே வேண்டாம் என்று பேசும்போது எனக்கு உடன்பாடில்லை. மறுத்துவிட்டுத் தனியறையில் இருந்துகொள்ள வசதி உள்ளவருக்கு அது சுதந்திரம். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் காலனி வீட்டில், ஒருவர் மறுப்பது மற்ற ஐந்து பேர் மேல் விழுகிறது.

நான் கேட்பது வேறு. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்து படுத்தால், மாதச் சம்பளக்காரருக்கு விடுப்பு உண்டு. சித்தாள் வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அன்றைய கூலி போனது போனதுதான். தெருவைத் தகரம் வைத்து அடைத்தபோது பதினான்கு நாள் கூலி போனது. ஊருக்காக அவர்களை அடைத்தோம் என்றால், அந்தப் பதினான்கு நாள் கூலியை ஊர் எந்தக் கணக்கில் எழுதியது?