உறுதி சந்தேகத்தால் நீங்காது: ஒரு வரியில் எத்தனை சட்டம்?

இஸ்லாமிய சட்ட நூல்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கதை இருக்கிறது. ஆமு தர்யா ஆற்றுக்கு அப்பால், அபூ தாஹிர் அத்தப்பாஸ் என்று ஒரு ஹனஃபி அறிஞர். கண் பார்வை இல்லாதவர். ஹனஃபி மத்ஹபின் சட்டங்கள் மொத்தத்தையும் பதினேழு விதிகளுக்குள் அடக்கிவிட்டார் என்று பேச்சு. ஆனால் அவற்றை யாருக்கும் சொல்லித் தருவதில்லை. இரவில் பள்ளிவாசலில் எல்லோரும் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஓதிப் பார்ப்பாராம். ஹெராத்திலிருந்து பயணம் வந்த ஒருவர் பாயைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே ஒளிந்திருந்தார். ஏழு விதி முடிந்த நேரத்தில் இருமல் வந்துவிட்டது. அத்தப்பாஸ் அவரைப் பிடித்து அடித்து வெளியே தள்ளினார். வந்தவர் கேட்ட ஏழோடு ஊர் திரும்பினார்.

நடந்ததோ, பின்னால் சேர்ந்த கதையோ, எனக்குப் பிடித்தது அதில் இருக்கும் ஆசைதான். ஆயிரக்கணக்கான தீர்ப்புகளை மனப்பாடம் செய்வதற்குப் பதில், அவற்றுக்குப் பின்னால் ஓடும் சில வரிகளைப் பிடித்துவிட முடியுமா? இந்தச் செய்தியைக் கேள்விப்பட்ட காழி ஹுசைன் என்ற ஷாஃபிஈ அறிஞர், தன் மத்ஹபை நான்கே விதிகளில் சுருக்கினார் என்றும் அதே நூல்கள் சொல்கின்றன. பிறகு ஐந்தாவதாக ஒன்று சேர்ந்தது. இவற்றுக்கு ‘கவாஇத் ஃபிக்ஹிய்யா’ என்று பெயர். 1505-இல் கெய்ரோவில் காலமான ஸுயூத்தி, ‘அல்அஷ்பாஹ் வந்நளாஇர்’ என்ற நூலை இந்த ஐந்திலிருந்துதான் தொடங்குகிறார்.

ஐந்தையும் எடுத்தால் எதுவும் உருப்படியாக வராது. ஒன்றை மட்டும் பார்ப்போம்: ‘அல்யகீன் லா யஸூலு பிஷ்ஷக்.’ உறுதியானது சந்தேகத்தால் நீங்காது. ஃபிக்ஹின் முக்கால் பங்குக்கு மேல் இந்த ஒரு விதியிலிருந்து வருகிறது என்கிறார் ஸுயூத்தி.

இதன் வேர் ஒரு சின்ன விஷயம். தொழுகையில் நிற்கும்போது உளூ முறிந்துவிட்டதோ என்று தோன்றுகிறது என ஒருவர் நபியிடம் முறையிட்டார். சத்தம் கேட்கும்வரை அல்லது வாடை தெரியும்வரை தொழுகையை விட வேண்டாம் என்பது பதில். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. சட்ட அறிஞர்கள் இதை உளூவோடு நிறுத்தவில்லை. கடைசியாக உறுதியாகத் தெரிந்த நிலை எது என்று பார், அதை மாற்ற ஆதாரம் வரும்வரை அப்படியே வை என்று பொதுவாக்கினார்கள். நம்ம ப்ரோக்ராமர் மொழியில் சொன்னால் last known state.

நோன்பில் இது அழகாக வேலை செய்யும். ஒருவர் விடிந்ததா இல்லையா என்று தெரியாமல் ஸஹர் சாப்பிட்டுவிட்டார், கடைசிவரை எதுவும் தெளிவாகவில்லை. நோன்பு கூடும். ஏனென்றால் இரவு இருந்தது உறுதி, விடியல் சந்தேகம். அதே ஆள் மாலையில் சூரியன் மறைந்ததா என்று தெரியாமல், விசாரிக்காமல் நோன்பு திறந்துவிட்டார். இப்போது நோன்பு முறிந்தது, ஈடு செய்ய வேண்டும். இங்கே உறுதி பகல். சந்தேகம் ஒன்றுதான், தீர்ப்பு நேர் எதிர். வெறும் பட்டியலாகப் படித்தால் முரணாகத் தெரியும் இரண்டு தீர்ப்புகள், விதியோடு படித்தால் ஒரே தீர்ப்பாகிவிடுகின்றன.

அடுத்து கடன். ‘ஆயிரம் வெள்ளிக்காசு கொடுத்தேன்’ என்கிறார் அஹ்மது. ‘வாங்கவே இல்லை’ என்கிறார் காசிம். மனிதன் பிறக்கும்போது யாருக்கும் கடன்பட்டுப் பிறப்பதில்லை, அதுதான் உறுதி. ஆகவே சாட்சி கொண்டுவர வேண்டியவர் அஹ்மது. சாட்சி இல்லையென்றால் காசிம் சத்தியம் செய்துவிட்டுப் போகலாம். ஆனால் காசிம் வாயைத் திறந்து ‘வாங்கினேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன்’ என்று சொன்னால் எல்லாம் தலைகீழ். கடன் இருந்தது அவர் வாக்காலேயே உறுதியாகிவிட்டது. அடைத்தது சந்தேகம். இப்போது சாட்சி தேட வேண்டியவர் காசிம், சத்தியம் செய்யும் இடத்தில் அஹ்மது. ஒரு வாக்கியத்தில் வழக்கின் சுமை கைமாறுகிறது. உளூவில் தொடங்கிய விதி காழியின் மன்றத்துக்கு வந்தாயிற்று.

இப்போது கடினமான இடம். ஒருவர் பயணம் போனார், தகவலே இல்லை. அரபியில் ‘மஃப்கூத்’. போனபோது உயிரோடு இருந்தது உறுதி, மரணம் சந்தேகம். எனவே அவர் சொத்தைப் பங்கு போட முடியாது. ஆனால் இந்தக் காலத்தில் அவர் தந்தை இறந்தால் வாரிசுப் பங்கு உண்டா? பழைய உறுதி ஒருவர் கையில் இருப்பதைக் காக்கும் கேடயம், புதிய உரிமையை வாங்கித் தரும் ஆயுதம் அல்ல என்பது ஹனஃபிகளின் கோட்பாடு. அதனால் அந்தப் பங்கு அவருக்குச் சேராது. நிலை தெளிவாகும்வரை தனியாக நிறுத்திவைக்கப்படும்.

சொத்து காத்திருக்கும். மனைவி? அதே விதி அவளையும் கட்டிப்போடுகிறது: திருமணம் உறுதி, கணவன் மரணம் சந்தேகம். ஹனஃபி நூல்களில் அவன் வயதொத்தவர்கள் எல்லாம் இறக்கும்வரை காத்திருக்க வேண்டும். சிலர் அவன் பிறந்ததிலிருந்து தொண்ணூறு ஆண்டு என்று கணக்கு வைத்தார்கள். இருபது வயதில் கணவன் காணாமல் போன பெண்ணுக்கு இது வாழ்நாள் தண்டனை. மாலிகிகள் கலீஃபா உமரின் தீர்ப்பைப் பின்பற்றி நான்கு ஆண்டு, பிறகு விதவைக்குரிய இத்தா நான்கு மாதம் பத்து நாள், அதன்பின் அவள் மறுமணம் செய்யலாம் என்றார்கள். இங்கே ‘சிரமம் இலகுவைக் கொண்டுவரும்’ என்ற இன்னொரு விதி முதல் விதிக்கு எதிரே வந்து நிற்பதாகவே நான் வாசிக்கிறேன்.

இது பழைய ஏட்டு விவகாரம் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் வேறு வழி தெரியாத சில பெண்கள், திருமணத்தை முறிப்பதற்காகவே மதம் மாறினார்கள். அதைப் பார்த்த ஹனஃபி அறிஞர் அஷ்ரஃப் அலி தானவி, மாலிகி அறிஞர்களிடம் பத்வா கேட்டு வாங்கி, 1930-களின் தொடக்கத்தில் ‘அல்ஹீலத்துன் நாஜிஸா’ என்ற நூலை வெளியிட்டார். 1939-இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. கணவன் இருப்பிடம் நான்கு ஆண்டு தெரியவில்லை என்பது அதில் முதல் காரணம். தீர்ப்பு வந்தாலும் ஆறு மாதம் நடைமுறைக்கு வராது. அதற்குள் கணவன் வந்து, கடமையை நிறைவேற்றத் தயார் என்று நீதிமன்றம் திருப்தி அடைந்தால் தீர்ப்பு ரத்தாகும். பழைய உறுதிக்குக் கொடுத்த கடைசி மரியாதை மாதிரி எனக்குப் படுகிறது அந்த ஆறு மாதம். தமிழ்நாட்டிலும் இன்றுவரை இதுதான் சட்டம்.

உஸ்மானியர்கள் 1869 முதல் தொகுத்த ‘மஜல்லா’ சட்ட நூல், முதல் பிரிவில் ஃபிக்ஹு என்றால் என்ன என்று சொல்லிவிட்டு, அடுத்த 99 பிரிவுகளை இத்தகைய விதிகளுக்கே ஒதுக்கியது. நம்முடைய விதி நான்காவது பிரிவு. ஆனால் அதன் முன்னுரை அறிக்கையிலேயே எச்சரிக்கையும் உண்டு: தெளிவான சட்ட மேற்கோள் கிடைக்காமல், விதியை மட்டும் வைத்து நீதிபதி தீர்ப்பளிக்கக் கூடாது. காரணம், இவை பெரும்பான்மைக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் அல்ல. உளூவிலேயே பாருங்கள், சந்தேகம் வந்தால் மறுபடி உளூ செய்ய வேண்டும் என்பது மாலிகி மத்ஹபின் பிரபலமான கருத்து. தொழுகை என்ற கடமை உறுதி, அதை நிறைவேற்றும் தகுதி சந்தேகம் என்று அவர்கள் கணக்கைத் திருப்பிப் போடுகிறார்கள். விதியில் சண்டை இல்லை. எது உறுதி என்பதில்தான் சண்டை.

பாய்க்குள் ஒளிந்தவர் பதினேழையும் கேட்டிருந்தாலும் இந்தக் கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைத்திருக்காது. அதற்கு ஒவ்வொரு வழக்காகத்தான் படிக்க வேண்டியிருக்கும்.