செயலிக் குளிர்விப்பான்

''இக்கட்டுரை கணினிக்குள் பொருத்தப்படும் குளிர்விப்பானைப் பற்றியது. நீர் ஊற்றி அறையில் வைக்கும் ஏர் கூலர் வேறு.''

'''செயலிக் குளிர்விப்பான்''' என்பது கணினியின் செயலியில் தோன்றும் வெப்பத்தை அகற்றும் கருவி ஆகும். விளையாட்டுக் கணினிகளில் காற்றுக் குளிர்விப்பான், நீர்மக் குளிர்விப்பான் என இருவகை பயன்படுகின்றன. முதலாவதில் செம்பு வெப்பக்குழாய்கள் வெப்பத்தை அலுமினியத் தகடுகளுக்குக் கொண்டு செல்கின்றன. விசிறி அதனை வெளியேற்றுகிறது. இரண்டாவதில் சிறிய பம்பு ஒன்று நீர்மத்தைச் செயலிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சுழற்றுகிறது. ரேடியேட்டரைக் குளிர்விப்பதும் விசிறிகளே. ஆக, இரண்டிலும் வெப்பம் இறுதியில் அறைக் காற்றையே சேர்கிறது. ஆகவே எந்த வகையும் செயலியை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசெல்லாது. 'நீர்' என்னும் சொல்லே பலரை மயக்கிவிடுகிறது.

== கோடைக் கணக்கு ==

தருமபுரி மாவட்டத்தில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பநிலை 38 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. அறையின் வெப்பநிலை எவ்வளவு உயர்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவே செயலியின் வெப்பநிலையும் உயரும். இது இரு வகைக்கும் பொது.

எடுத்துக்காட்டாக, 2022இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-12400 செயலியைக் கொள்ளலாம். இதன் அடிப்படை மின்திறன் 65 வாட், உச்சம் 117 வாட், வெப்ப வரம்பு 100 பாகை. மார்கழியில் அறை 25 பாகையாக இருக்கும்போது, ஒரு விளையாட்டின் நடுவே செயலி 60 பாகை காட்டுவதாகக் கொள்வோம். ஏற்றம் 35 பாகை. மே மாதம் அறை 38 பாகையானால் செயலி 73 பாகையை அடையும். நீர்மக் குளிர்விப்பான் இந்த ஏற்றத்தை 8 பாகை குறைப்பதாகவே வைத்துக்கொண்டாலும், 65 பாகையில் ஓடும் செயலி 73 பாகையில் ஓடுவதைவிட விரைவாக இயங்காது. வரம்பை நெருங்கும்போதுதான் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

== செலவும் பழுதும் ==

நான்கு வெப்பக்குழாய்கள் உள்ள காற்றுக் குளிர்விப்பானைவிட, 240 மில்லிமீட்டர் நீர்மக் குளிர்விப்பானின் விலை பொதுவாக இருமடங்குக்கு மேல். குறைந்த செலவில் கணினி அமைப்போர் அந்த வேறுபாட்டை வரைகலை அட்டைக்குச் செலவிடுவதே தக்கது.

காற்றுக் குளிர்விப்பானில் கெடக்கூடிய உறுப்பு விசிறி மட்டுமே. 120 மில்லிமீட்டர் விசிறி தனியாகவே கிடைக்கும். அதுவரை தகடுகள் ஓரளவு வெப்பத்தை அகற்றிக்கொண்டிருக்கும். நீர்மக் குளிர்விப்பானின் பம்போ பெரும்பாலும் மூடிய அமைப்பின் பகுதி; அது நின்றால் முழுக் கருவியையும் மாற்ற நேரிடும். கணினியை இயக்கிய சில நிமிடங்களிலேயே, வேலை ஏதும் இல்லாதபோதும், வெப்பநிலை வரம்பை நோக்கி ஏறுவதும், விசிறிகள் சுழன்றும் ரேடியேட்டர் குளிர்ந்தே இருப்பதும் இதன் அறிகுறிகள். ஆண்டுகள் செல்லச்செல்ல நீர்மம் குழாயின் வழியே சிறிது சிறிதாகக் கசிந்து ஆவியாவதும் உண்டு.

250 வாட்டைத் தொடும் கோர் ஐ9-14900கே போன்ற செயலிகளுக்கு நீர்மக் குளிர்விப்பான் பொருத்தமானது. உயரமான காற்றுக் குளிர்விப்பான் அடங்காத குறுகிய பெட்டிகளுக்கும் அவ்வாறே.

== வாங்கும் முன் ==

பல உயரக் குளிர்விப்பான்கள் 150 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை என்பதால் பெட்டியின் இடத்தை அளந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே உள்ள கணினி சூடானால், பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே விளையாட்டை அரைமணி நேரம் இயக்கிப் பார்க்கலாம். லினக்சில் `sensors` என்னும் கட்டளை வெப்பநிலையைக் காட்டும். தகட்டைக் கழற்றியதும் வெப்பநிலை வெகுவாக இறங்கினால், குறை குளிர்விப்பானில் இல்லை. பெட்டிக்குள் காற்றோட்டம் போதவில்லை. அப்போது முன்பக்க வலையில் படிந்த தூசியை அகற்றி, ஒரு விசிறியைச் சேர்த்தாலே போதுமானது.