பூர்வபக்ஷமும் புறநோக்கும்
— ஜான் கார்மன் எழுதிய எம்பெருமானார் தர்சனம் பற்றி —

திருமுடிவாக்கத்துக்கு மேற்கே எம்பெருமானார் திருவவதரித்த ஸ்ரீபெரும்பூதூர். அதற்கு மிக அண்மையில் சேக்கிழார் பிறந்த குன்றத்தூர். பிற மதத்தைப் பற்றி எழுதுவது எவ்வாறு என்னும் கேள்விக்கு இவ்விரு ஊர்களும் இரண்டு விடைகளை வைத்திருக்கின்றன. பெரிய புராணத்தில் சமணரும் சாக்கியரும் வருகின்றனர். ஆயின் அங்குக் காணும் சமணரைப் பார்த்து, “இது நாம்தான்” என்று ஒரு சமணர் சொல்லமாட்டார். அந்நூலின் நோக்கம் அடியார் பெருமை. பிறர் கொள்கையை விளக்குவதன்று. ஆகவே அதைக் குறை என்று கொள்ள வேண்டியதில்லை. ஸ்ரீபாஷ்யத்தின் நடை வேறு.

ஜிஜ்ஞாஸாதிகரணத்தில், முதல் ஸூத்ரத்தின் கீழேயே, மஹாபூர்வபக்ஷம் என்று வழங்கும் பகுதி விரிகிறது. நிர்விசேஷமான சின்மாத்ரமே பரமார்த்தம், மற்றவை யாவும் அவித்யையால் தோன்றுவன என்னும் கொள்கையை அதற்குரிய ச்ருதி வாக்யங்களோடும் யுக்திகளோடும் பாஷ்யகாரர் வரிசையாக எடுத்துரைக்கிறார். அந்தக் கொள்கையினர் வாசித்தாலும் தம் மதத்தை அங்கே அடையாளம் காணும்படி அது அமைந்திருக்கிறது. அதன் பின்னரே மஹாஸித்தாந்தமும், அவித்யையைக் குறித்த ஏழு அநுபபத்திகளும் வருகின்றன. எதிராளியை வலுவிழந்தவனாக நிறுத்தி வென்றால் அது வெற்றியாகாது என்பது சாஸ்த்ர மரபு. ஸ்வாமி தேசிகனின் பரமதபங்கமும் இம்மரபில் வந்ததே.

எனினும் ஒன்றை மறைக்கலாகாது. பூர்வபக்ஷம் கண்டிப்பதற்காகவே எடுத்துரைக்கப்படுகிறது. அதில் உள்ள நேர்மை, ஒரு வாதியின் நேர்மை. கண்டனமும் வேண்டாம், ஏற்பும் வேண்டாம், பிறன் தன் மதத்தை எப்படி உணர்கிறானோ அப்படியே அதை அறிய வேண்டும் என்று ஒருவன் புறப்பட்டால், அவனுக்குப் பூர்வபக்ஷ முறை பாதி வழிதான் துணைவரும். மீதிப் பாதியை எப்படிக் கடப்பது என்பதே சென்ற நூற்றாண்டில் மேனாட்டுச் சமய ஆய்வாளரை வருத்திய கேள்வி.

இக்கேள்விக்குக் கலைச்சொல் தந்தவர் அமெரிக்க மொழியியலாளர் கென்னத் பைக். 1954இல் அவர் எமிக், எடிக் என்று இரு சொற்களை வகுத்தார். ஒலியன் இயல், ஒலியியல் என்பவற்றின் ஆங்கிலப் பெயர்களது ஈறுகளிலிருந்து பிறந்தவை இவை. தமிழர்க்கு இதன் பொருள் எளிது. ‘கண்’ என்பதில் வரும் ககரமும் ‘தங்கம்’ என்பதில் வரும் ககரமும் செவிக்கு வெவ்வேறு ஒலிகள். தமிழன் இரண்டையும் ஒரே எழுத்தாகவே எழுதுகிறான், ஒன்றாகவே உணர்கிறான். வேற்று நாட்டவன் காதில் இரண்டு கேட்கும். தமிழ் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய, ‘ஒன்று’ என்ற விடை வேண்டும். அதுவே எமிக், அகநோக்கு. வாயில் எழும் ஒலி யாது என்பதை அறிய, ‘இரண்டு’ என்ற விடை வேண்டும். அது எடிக், புறநோக்கு. இதில் ஒன்று மெய், மற்றது பொய் என்பதில்லை. ஆயினும் ‘இரண்டு’ என்றவன் தமிழனுக்குத் தன் எழுத்தே தெரியாது என்று சொல்லத் தொடங்கினால், அங்கே பிழை நேர்கிறது. ‘ஒன்று’ என்றவன் மற்றவன் செவியைப் பழித்தாலும் அதே பிழைதான்.

இந்த இரு பிழைகளுக்கும் இடமளிக்காமல் ஸ்ரீவைஷ்ணவத்தை எழுத முயன்றவர்களில் ஜான் பி. கார்மன் குறிப்பிடத்தக்கவர். கிறிஸ்தவர், இந்தியாவில் மருத்துவ மிஷனரியாய்ப் பணிபுரிந்தவரின் மகன். டச்சு நாட்டில் கற்பித்த டபிள்யூ. பிரேதே கிறிஸ்டென்ஸென் என்னும் பேராசிரியரின் விரிவுரைகளை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 1960இல் வெளிவந்தது. ஒரு மதத்தை ஆராய்பவன் அம்மதத்தார் தம் கொள்கையில் முற்றும் சரியானவர்கள் என்று கொண்டே தொடங்க வேண்டும், ஆய்வாளனின் மதிப்பீடு அங்கே புகலாகாது என்பது கிறிஸ்டென்ஸெனின் துணிபு. ராமானுஜர் தர்சனத்தைப் பற்றிய கார்மனின் நூல் 1974இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. மதங்களிடையே புரிதலைத் தேடும் கட்டுரை என்று அதன் உபதலைப்பே கூறும்.

அந்நூலின் நடுநாடி பரத்வம், ஸௌலப்யம் என்னும் இரு சொற்கள். இவற்றைக் கார்மன் வெளியிலிருந்து கொணரவில்லை. பூர்வாசார்யர்கள் வழங்கிய சொற்களையே எடுத்துக்கொண்டார். ஐரோப்பியர் பலர் இறைவனைப் பற்றிப் பேசும்போது கையாளும் ‘கடந்து நிற்றல்’, ‘உள்ளுறைதல்’ என்னும் இணை இங்குப் பொருந்தாது என்று அவர் கண்டது பெரிய நன்மை. ஸௌலப்யம் என்பது உள்ளுறைதல் அன்று. எட்டாதவன் எட்டுபவனாகத் தன்னைத் தருகை. அந்தர்யாமியாய் எங்கும் உறைபவனையும் சேதநனால் எட்ட முடியாமற் போகலாம்; அர்ச்சையில் எழுந்தருளியிருப்பவனோ எவர்க்கும் எளியன். இந்த வேறுபாட்டைப் பிறமதத்தார் ஒருவர் பிடித்துக்கொண்டது அகநோக்கின் பயன் என்க.

ஆயின் இங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. கார்மனுக்கு முன் ஹார்வர்டில் உலக மதங்கள் ஆய்வு மையத்தின் தலைமையில் இருந்த வில்ஃப்ரெட் கான்ட்வெல் ஸ்மித், ஒரு மதத்தைப் பற்றிய கூற்றை அம்மதத்தார் ஏற்றுக்கொண்டாலன்றி அது செல்லாது என்னும் அளவுகோலை 1959இல் முன்வைத்தார். அளவுகோல் அழகியது. ஆனால் கத்யத்ரயத்தின் விஷயத்தில் இதை வைத்துப் பார்க்க வேண்டும்.

பங்குனி உத்தரத்தன்று பெரிய பிராட்டியாரும் நம்பெருமாளும் சேர்த்தியில் எழுந்தருளியிருக்க, எம்பெருமானார் சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்தார் என்பது ஸம்ப்ரதாயம். பெரியவாச்சான் பிள்ளையும் ஸ்வாமி தேசிகனும் கத்யங்களுக்கு வ்யாக்யானம் அருளினர். தென்கலையார்க்கும் வடகலையார்க்கும் இதில் கருத்து வேறுபாடு இல்லை. மேனாட்டு ஆய்வாளர் சிலரோ இவை ராமானுஜருடையவை அல்ல என்றனர். அவர்கள் காட்டும் காரணம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஸ்ரீபாஷ்யத்திலும் வேதார்த்த ஸங்க்ரஹத்திலும் மோக்ஷத்துக்கு உபாயமாகப் பக்தியே விரித்துரைக்கப்படுகிறது. கீதையின் சரம ச்லோகத்துக்குப் பாஷ்யகாரர் இரண்டு பொருள்கள் அருளுகிறார்: கர்ம ஜ்ஞான பக்தி யோகங்களைச் செய்துகொண்டே பலனையும் கர்த்ருத்வத்தையும் விடுதல் ஒன்று, பக்தியைத் தொடங்கத் தடையாயுள்ள பாபங்களுக்கு ப்ராயச்சித்தங்களின் இடத்தில் அவனையே பற்றுதல் மற்றொன்று. ப்ரபத்தி தனியே ஒரு உபாயம் என்பது இவ்விரண்டிலும் வெளிப்படையாக இல்லை. கத்யத்தின் குரலோ முற்றும் சரணாகதியே.

ஸம்ப்ரதாயம் இதை அறியாமல் இருந்ததன்று. கீதாபாஷ்யத்துக்குத் தாத்பர்ய சந்த்ரிகை இட்ட தேசிகன் இந்த இரண்டு பொருள்களையும் கண்டவரே. பாஷ்யம் வேதாந்த ஸபையில் எல்லா மதத்தாரையும் நோக்கிப் பேசுவது. கத்யம் ஒரு சேதநன் தன் நாதன் திருமுன்பு பேசுவது. ரஹஸ்யார்த்தம் ஆசார்யன் திருவாயிலிருந்து சிஷ்யன் செவிக்குச் செல்வதேயன்றிப் பொதுச் சபையில் விற்கப்படுவதன்று. இது அகநோக்கின் விடை. இவ்விடையில் வலு உண்டு: ஒரே ஆசிரியர் இரு அதிகாரிகளிடம் இரு நடைகளில் பேசுவது நூல் வரலாற்றில் புதிதன்று. வலுவின்மையும் உண்டு: வேறுபாடு எதைக் காட்டினாலும் ‘அது வேறு அதிகாரிக்கு’ என்று சொல்லிவிடலாம் என்றால், எந்தச் சான்றும் எதையும் மறுக்க இயலாது.

ஸ்மித்தின் அளவுகோல் இங்கே உதவாது. கத்யம் எம்பெருமானாருடையதன்று என்ற கூற்றை எந்த ஸ்ரீவைஷ்ணவரும் ஏற்கார். அதனாலேயே அதை ஆராயக் கூடாது என்றும் ஆகாது. கார்மன் செய்தது, ஐயமின்றி எல்லோரும் ஏற்கும் நூல்களைக் கொண்டே தம் விளக்கத்தின் பெரும்பகுதியைக் கட்டி, கத்யங்களைத் தனியே வைத்துப் பேசியது. ஐயத்தை மறைக்கவும் இல்லை. ஸம்ப்ரதாயத்தின் துணிபை மூடநம்பிக்கை என்று தள்ளவும் இல்லை.

அந்த அளவுகோலுக்கு வேறொரு குறையும் உண்டு. ‘அம்மதத்தார்’ என்பவர் யார்? ஒரு கலையார் தம்முடையது என்று ஒப்பும் விளக்கத்தை மற்றக் கலையார் ஒப்பார். பதினெட்டு பேதங்களையும் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்ற இரண்டு உவமைகளில் அடக்கி எழுதிய மேனாட்டு நூல்களைப் படித்தால், எழுதியவர் எந்தத் திருமாளிகைத் திண்ணையில் அமர்ந்து கேட்டார் என்பது சில பக்கங்களிலேயே தெரிந்துவிடும். ஒரு கலையின் அகநோக்கை மதம் முழுவதன் அகநோக்காக எழுதுவதுபோல் கண்ணுக்குத் தெரியாத தவறு வேறில்லை.

புறநோக்கு கேட்ட கேள்விகளில் ஒன்று ஸம்ப்ரதாயத்துக்கே நன்மையாய் முடிந்தது. எம்பெருமானாரின் ஸம்ஸ்க்ருத நூல்களில் ஆழ்வார்களின் திருநாமம் இல்லை. உள்ளிருப்பவர்க்கு இது கேள்வியே அன்று, ககரம் ஒன்றே என்பதுபோல. திருவாய்மொழியைக் கொண்டே பாஷ்யகாரர் ஸூத்ரங்களின் பொருளை ஒருங்கவிட்டார் என்று ஆசார்ய ஹ்ருதயம் கூறியிருக்கிறது. ஈட்டில் எம்பெருமானார் அருளிச்செய்த நிர்வாஹங்கள் பலவிடத்து வருகின்றன. வெளியிலிருப்பவரோ, இவை பின்னோர் கூற்றுகள், எம்பெருமானார் காலத்ததாய் ஒன்று காட்டுக என்றனர்.

அப்படி ஒன்று இருந்தது. எம்பெருமானார் நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிய ஆறாயிரப்படியே திருவாய்மொழியின் முதல் வ்யாக்யானம். 1989இல் கார்மனும் வஸுதா நாராயணனும் சேர்ந்து அதை ஆராய்ந்து நூல் வெளியிட்டனர். ஒருவர் கிறிஸ்தவர், மற்றவர் ஸ்ரீவைஷ்ணவர். ஹேயப்ரத்யநீகம், கல்யாண குணங்கள் முதலான ராமானுஜரின் ஸம்ஸ்க்ருதத் தொடர்களைப் பிள்ளான் நம்மாழ்வாரின் தமிழுக்குப் பொருளாக நீண்ட மணிப்ரவாளச் சேர்க்கைகளில் கொண்டுவந்து வைப்பதை அவர்கள் பாசுரம் பாசுரமாகக் காட்டினர். உபய வேதாந்தம் என்ற சொல் கோஷமாக மட்டும் நிற்காமல், ஒரு சிஷ்யரின் எழுத்தில் எவ்வாறு நிகழ்ந்தது என்பது அங்கே தெரிகிறது. எம்பெருமானார் ஆழ்வார்களை எவ்வளவு அநுஸந்தித்தார் என்பதற்கு இது நேர்ச்சான்று ஆகாது. அவர் திருவடிவாரத்தில் இருந்தவர் இரண்டையும் ஒன்றாகக் கண்டார் என்பதற்கே சான்று. இந்த எல்லையையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எழுதுங்கால் இவ்வெல்லை ஒரு வினைச்சொல்லில் தங்கும். “எம்பெருமானார் இப்பாசுரத்துக்கு இவ்வாறு அருளினார்” என்று எழுதினால் அது அகநோக்கு. ஸந்நிதியில் காலக்ஷேபம் சொல்பவர்க்கு அதுவே தக்கது. “எம்பெருமானார் இவ்வாறு அருளியதாக ஈடு பதிவு செய்கிறது” என்பது வரலாறு எழுதுவோன் நடை. இதில் மறுப்பு ஏதும் இல்லை. “அருளியதாகக் கட்டிவிட்டனர்” என்று எழுதினாலோ, கட்டினவர் யார், எப்போது, எதற்காக என்று காட்டும் சுமை எழுதினவர் தலையில் விழும். இந்த மூன்றாவதை எழுதிவிட்டு இரண்டாவதற்குரிய சான்றை மட்டும் காட்டும் வழக்கம் மேனாட்டாரிடம் உண்டு. முதலாவதை எழுதிவிட்டு அதை வரலாறு என்று வாதிடும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. ராமானுஜரின் திருவவதாரம் 1017, திருநாட்டுக்கு எழுந்தருளியது 1137 என்னும் கணக்கில் வரும் 120 திருநக்ஷத்திரங்களை எழுதும்போது இந்த மூன்று நடைகளில் எது கைக்கு வருகிறது என்று பார்த்தால், எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்பது தெரியும்.