சொல்லுக்கு யார் பொறுப்பு? – 6: வங்கி எழுதிய கடிதம்

சென்ற வாரம் கேண்ட்லரைக் கையறு நிலையில் விட்டுவந்தோம். கார்ன்வாலில் இருந்த தகரச் சுரங்கக் கம்பெனி ஒன்றின் கணக்கை நம்பி 2,000 பவுண்டு முதலீடு செய்தார். கணக்கு தப்பு. பணம் போயிற்று. முதலீடு செய்ய வருகிற ஒருவரிடம் காட்டத்தான் அந்தக் கணக்கு என்பது அதைத் தயாரித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் 1951-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைக் கைவிட்டது. மோசடி இல்லை, ஒப்பந்தம் இல்லை. ஆகவே கவனக்குறைவாகச் சொன்ன சொல்லுக்கு நட்ட ஈடும் இல்லை என்றார்கள் இரு நீதிபதிகள். மாறுபட்டவர் டென்னிங் ஒருவர்தான்.

அந்த மாறுபட்ட தீர்ப்பு பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தது.

1958, லண்டன். ஹெட்லி பைர்ன் என்பது ஒரு விளம்பர நிறுவனம். ஈசிபவர் என்ற வாடிக்கையாளருக்காகத் தொலைக்காட்சியில் நேரமும் பத்திரிகைகளில் இடமும் பிடித்துக் கொடுத்தது. அந்த ஆர்டர்களில் ஒரு சிக்கல் இருந்தது. ஈசிபவர் பணம் தராவிட்டால் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிக் கம்பெனிகளுக்கும் ஹெட்லி பைர்னே தன் கையிலிருந்து கட்டியாக வேண்டும். விளம்பரம் பெரிதாகப் பெரிதாக, இந்த வாடிக்கையாளர் தாங்குவாரா என்ற கவலையும் வளர்ந்தது.

அவர்கள் தங்கள் வங்கியான நேஷனல் புரொவின்ஷியலிடம் விசாரிக்கச் சொன்னார்கள். அந்த வங்கி, ஈசிபவரின் கணக்கு இருந்த ஹெல்லர் வங்கியைக் கேட்டது. ஆகஸ்டில் முதல் விசாரிப்பு, தொலைபேசியில். நவம்பரில் இரண்டாவது, கடிதத்தில்: ஆண்டுக்கு 1,00,000 பவுண்டு விளம்பர ஒப்பந்தத்துக்கு இந்தக் கம்பெனி நம்பத் தகுந்ததா?

ஹெல்லரின் பதில் சுருக்கமானது. கம்பெனி முறையாக அமைந்தது. வழக்கமான வியாபாரத்துக்கு நல்லது. நீங்கள் குறிப்பிடும் தொகை நாங்கள் பார்த்துப் பழகியதைவிடப் பெரியது. கடைசி வாக்கியத்தில் ஒரு தயக்கம் ஒளிந்திருப்பதை இன்று படிக்கிறவர் உடனே பிடித்துக்கொள்வார். ஹெட்லி பைர்ன் பிடிக்கவில்லை. கொடுத்த ஆர்டர்களை ரத்து செய்து தப்பித்திருக்கலாம், செய்யாமல் விட்டார்கள். ஈசிபவர் கடன் தீர்க்க முடியாமல் கலைக்கப்பட்டது. ஹெட்லி பைர்னுக்கு 17,000 பவுண்டுக்கு மேல் நஷ்டம்.

அவர்கள் ஹெல்லர் மீது வழக்குப் போட்டார்கள். கையில் என்ன இருந்தது? ஹெல்லருக்கு அவர்கள் ஒரு பென்னிகூடக் கொடுத்ததில்லை. நேரில் பேசியதும் இல்லை. ஹெல்லர் பொய் சொன்னதாகவும் அவர்களால் சொல்ல முடியவில்லை. யாருக்கும் காயமில்லை, எந்தப் பொருளும் உடையவில்லை. போனது பணம் மட்டும். விசாரணை நீதிபதி மக்நேர் ஹெல்லரின் கவனக்குறைவை ஒப்புக்கொண்டார். ஆனால் கவனமாக இருக்க வேண்டிய கடமையே அவர்களுக்கு இல்லை என்று வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளியது. கேண்ட்லர் தீர்ப்பு அவர்கள் கையைக் கட்டியிருந்தது.

மிச்சமிருந்தது பிரபுக்கள் சபை. அங்கே ஐந்து நீதிபதிகள்: ரீட், மாரிஸ், ஹாட்சன், டெவ்லின், பியர்ஸ்.

நீதிபதிகளின் தயக்கம் வீம்பல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நத்தை கிடந்த ஜிஞ்சர் பீர் பாட்டிலை ஒருவர்தான் குடிக்க முடியும்; 1932-ல் அந்த வழக்கில் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கியபோது பொறுப்புக்கு ஒரு கரை தெரிந்தது. சொல்லுக்குக் கரை இல்லை. ஒருவரிடம் சொன்னது நூறு பேர் காதுக்குப் போகும், நூறு பேரும் நம்பிப் பணம் போடலாம். 1931-லேயே அமெரிக்காவில் கார்டோசோ என்ற நீதிபதி, இத்தனை பேர் என்றும் இவ்வளவு தொகை என்றும் வரையறுக்க முடியாத பொறுப்பு ஆடிட்டர்கள் தலையில் விழுந்துவிடும் என்று எச்சரித்திருந்தார். அந்தப் பயத்துக்கு விடை சொல்லாமல் பிரபுக்கள் ஓரடிகூட நகர முடியாது.

ரீட் விடையை மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தில் தேடினார். விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒரு கேள்வி வருகிறது. கேட்பவர் தன் பதிலை நம்பப்போகிறார் என்பது அவருக்குத் தெரியும். அவர் முன் மூன்று வழிகள் உண்டு. பேசாமல் இருந்துவிடலாம். இதற்கு நான் பொறுப்பல்ல என்று சொல்லிவிட்டுப் பதில் தரலாம். அல்லது எந்த நிபந்தனையும் இல்லாமல் பதில் சொல்லலாம். மூன்றாவது வழியில் போகிறவர் அந்தப் பதிலுக்கான பொறுப்பைத் தாமே தோளில் ஏற்கிறார். கடமை அங்கே பிறக்கிறது. கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே ஒருவர் சொன்ன அபிப்பிராயத்தில் அது பிறக்காது. அங்கே யாரும் பொறுப்பேற்கவில்லை, ஏற்றதாகக் கேட்பவரும் நினைக்க முடியாது.

டெவ்லின் பழைய சட்டத்தின் கோணலை ஒரு டாக்டரை வைத்துக் காட்டினார். நீ வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் தப்பாகச் சொல்லி, போனவன் உடம்பு கெட்டால் நட்ட ஈடு உண்டு. நீ இனி வேலை செய்யவே கூடாது என்று தப்பாகச் சொல்லி, அதனால் அவன் பிழைப்பு போனால் ஒன்றும் கிடையாது. அரை கினி ஃபீஸ் கொடுத்திருந்தால் மட்டும் எல்லாம் கிடைக்கும். இது அர்த்தமில்லாதது என்று அவர் பிரபுக்கள் முன்னே ஒளிவுமறைவின்றிச் சொன்னார். இழப்பு உடம்பிலா பணத்திலா என்பதல்ல அவருக்குக் கேள்வி. இருவருக்கும் நடுவே ஒப்பந்தத்துக்கு நிகரான உறவு இருந்ததா என்பதே.

இந்தத் தீர்ப்பை முதல்முறை படிக்கிற சட்ட மாணவர், இதுவரை வந்ததும் ஹெட்லி பைர்ன் ஜெயித்துவிட்டது என்று முடிவுகட்டுவது இயல்பு. கடிதத்தின் தலைப்பை அவர் இன்னும் பார்க்கவில்லை.

இரகசியம், உங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும், வங்கிக்கோ அதன் அதிகாரிகளுக்கோ எந்தப் பொறுப்பும் இல்லாமல். ஹெல்லர் அதை அப்படித்தான் தொடங்கியிருந்தார்கள். ரீட் சொன்ன இரண்டாவது வழி! பொறுப்பை ஏற்பதிலிருந்து கடமை பிறக்கிறது என்றால், ஏற்கமாட்டேன் என்று முதல் வரியிலேயே சொன்னவருக்கு அது பிறக்கவே இல்லை. 1963 மே 28 அன்று ஐந்து பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: மேல்முறையீடு தள்ளுபடி. ஹெட்லி பைர்னுக்கு ஒரு பவுண்டும் கிடைக்கவில்லை. ஆனால் அதே தீர்ப்பில் கேண்ட்லர் வழக்கு தவறாக முடிவானது என்று சொல்லி, டென்னிங்கின் பக்கம் சாய்ந்தார்கள்.

ஹெல்லர் தப்பித்தது அந்த வரியால் என்றால், வரி இல்லாத கடிதம் எழுதுகிறவர் தப்பிக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லலாமா? இங்கேதான் சந்தேகம் தொடங்குகிறது. ஹெல்லரிடம் வந்தது ஒரு குறிப்பிட்ட கேள்வி, ஒரு குறிப்பிட்ட ஒப்பந்தத்தைப் பற்றி. பெயர் தெரியாவிட்டாலும், பதிலுக்குக் காத்திருக்கும் விசாரிப்பாளர் ஒருவர் இருக்கிறார் என்பது தெரியும். யாருமே கேள்வி கேட்காமல், ஊர் முழுக்கப் படிக்கும்படி வெளியாகும் அறிக்கைக்கு என்ன கதி?

1984-ல் அந்தக் கேள்வி வந்தது. ஜலந்தரில் பிறந்த ஸ்வராஜ் பால் நிறுவிய கப்பாரோ கம்பெனி, ஃபிடெலிட்டி என்ற மின்சாதனக் கம்பெனியின் பங்குகளை வாங்கத் தொடங்கியது. 13 லட்சம் பவுண்டு லாபம் என்றது கணக்கு. ஆடிட்டர்கள் அதற்குச் சான்று அளித்திருந்தார்கள். கப்பாரோ மேலும் மேலும் வாங்கி, கம்பெனியையே கைப்பற்றியது. பிறகு கணக்கைக் கிளறினால், லாபம் இருந்த இடத்தில் 4 லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டம் இருந்ததாக கப்பாரோ கூறியது. மேல்முறையீட்டு நீதிமன்றம், ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர் என்ற முறையில் கப்பாரோவுக்கு ஆடிட்டர்கள் கடமைப்பட்டவர்கள் என்றது. ஆடிட்டர்கள் பிரபுக்கள் சபைக்கு ஓடினார்கள். அங்கே அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: நாங்கள் அந்தக் கணக்கில் கையெழுத்திட்டது எதற்காக?

(தொடரும்)