சவ்வு ஒன்றுதான், கேள்வி மூன்று: ஆறு மதிப்பெண் உயிரியல் விடை எங்கே சறுக்குகிறது?

லண்டனில் ஏ-லெவல் படிக்கும் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு விடையை அனுப்பி, "மாமா, எல்லாமே சரியாத்தானே எழுதியிருக்கேன், ஏன் ஆறுக்கு ரெண்டு?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பெரும்பாலும் அவள் எழுதிய உயிரியல் சரியாகத்தான் இருக்கும். ஆனால், கேட்ட கேள்விக்கு அது விடையாக இருக்காது.

பிரிட்டன் தேர்வுகளில் கேள்வியின் முதல் சொல்லே கட்டளை. டிஸ்கிரைப், எக்ஸ்ப்ளெய்ன், கம்பேர் ஆகிய மூன்றும் மூன்று வேறு வேலைகள். செல் சவ்வை வைத்தே பார்த்துவிடலாம்.

டிஸ்கிரைப்: கண்ணில் பட்டதைச் சொல்

பீட்ரூட் துண்டுகளை வெவ்வேறு வெப்பநிலை நீரில் போட்டு, நீர் எவ்வளவு சிவக்கிறது என்று கலரிமீட்டரில் அளக்கும் சோதனை ஏ-லெவல் மாணவர்களுக்குப் பழக்கமானது. ஒரு மாதிரிக் கேள்வியில் ஒளி உறிஞ்சல் அளவுகள் இப்படி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: 20 டிகிரியில் 0.05, 40-ல் 0.08, 50-ல் 0.20, 60-ல் 0.60, 70-ல் 0.80.

'முடிவுகளை விவரி' என்றால் காரணமே வேண்டாம். வெப்பநிலை கூடக்கூட அளவு கூடுகிறது. 20 முதல் 40 வரை வெறும் 0.03 உயர்வு, 50-க்கும் 60-க்கும் நடுவே 0.40 என்று மிகச் செங்குத்தான ஏற்றம்; அதன்பின் 70 வரை 0.20 மட்டுமே. போக்கு, அது மாறும் இடம், அதற்கான எண். அவ்வளவுதான். இங்கே புரதங்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதினாலும் அதற்கு மதிப்பெண் கிடையாது.

எக்ஸ்ப்ளெய்ன்: ஏன் என்று சொல்

இப்போது 'முடிவுகளை விளக்கு' என்று கேட்டால், மேலே சொன்ன ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் வேண்டும். பலர் எழுதுவது இதுதான்: "வெப்பத்தால் சவ்வு டினேச்சர் ஆகிறது, நிறமி வெளியேறுகிறது." இதில் இரண்டு சிக்கல். டினேச்சர் ஆவது சவ்வில் உள்ள புரதங்கள், சவ்வு முழுவதும் அல்ல. தவிர, காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே இருக்க வேண்டிய படிகள் காணோம்.

அதையே இப்படி எழுதலாம்: "பீட்ரூட்டின் நிறமி வாக்யூலுக்குள் இருக்கிறது. வெளியே வர வாக்யூல் சவ்வு, செல் சவ்வு இரண்டையும் கடக்க வேண்டும். 40 டிகிரி வரை சவ்வுகள் பெரும்பாலும் சேதமின்றி இருப்பதால் சிறிதளவே கசிகிறது. வெப்பநிலை கூடும்போது பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள் அதிக இயக்க ஆற்றல் பெற்று வேகமாக அசைகின்றன. எனவே சவ்வின் நெகிழ்வு கூடுகிறது. 50-க்கு மேல் சவ்வுப் புரதங்கள் வடிவம் இழப்பதால் இடைவெளிகள் உண்டாகின்றன; ஆகவே நிறமி, செறிவு அதிகமான உள்ளிருந்து குறைவான வெளிநீருக்குப் பரவுகிறது. வெளியே நிறமி சேரச்சேரச் செறிவு வித்தியாசம் குறைவதால், 60-க்கு மேல் ஏற்றம் மட்டுப்படுகிறது."

'எனவே', 'ஆகவே', 'ஆல்' ஆகியவற்றை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அதே தகவல்கள் வெறும் பட்டியலாக நிற்கும். எக்ஸ்ப்ளெய்ன் கேள்வியில் மதிப்பெண் அந்த இணைப்பில்தான் இருக்கிறது.

கம்பேர்: இரண்டையும் ஒரே வரியில் வை

'எளிதாக்கப்பட்ட பரவலையும் ஆக்டிவ் டிரான்ஸ்போர்ட்டையும் ஒப்பிடு.' இதற்கு முதல் பத்தியில் ஒன்று, அடுத்த பத்தியில் மற்றொன்று என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. அது இரண்டு தனித்தனி விவரணை. ஒப்பிடும் வேலையைத் திருத்துபவர் தலையில் கட்டினால் அவர் அதைச் செய்ய மாட்டார்.

ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டும் இருக்க வேண்டும். "இரண்டுக்கும் சவ்வுப் புரதம் தேவை, இரண்டிலும் அந்தப் புரதம் குறிப்பிட்ட பொருளை மட்டுமே கடத்தும். ஆனால் முன்னதில் பொருள் செறிவு அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குப் போகிறது. பின்னதில் அதற்கு எதிர்த்திசையில் கடத்தப்படுகிறது. முன்னதற்கு ஏடிபி தேவையில்லை, பின்னதற்குத் தேவை. முன்னது கால்வாய்ப் புரதம், தாங்கிப் புரதம் இரண்டின் வழியாகவும் நடக்கும்; பின்னதற்குத் தாங்கிப் புரதமே வேண்டும்." ஒற்றுமையை மறந்து வேற்றுமையை மட்டும் எழுதுவது அடுத்த பொதுவான சறுக்கல்.

எப்படித் திருத்துகிறார்கள்?

சில கேள்விகளில் ஒரு சரியான கருத்துக்கு ஒரு மதிப்பெண். வேறு சிலவற்றில் விடை முழுவதையும் படித்து, 1-2, 3-4, 5-6 என மூன்று நிலைகளில் ஒன்றில் வைப்பார்கள். இரண்டாவது முறையில், தொடர்பில்லாமல் கொட்டிய சரியான தகவல்கள் கீழ்நிலையிலேயே நின்றுவிடக்கூடும். அந்த வாரியத்தின் பழைய மதிப்பெண் வழிகாட்டியைப் பார்த்தால் எது எந்த முறை என்று தெரிந்துவிடும்.

அடுத்த முறை விடை வாட்ஸ்அப்பில் வந்தால் முதலில் விடையைப் படிக்காதீர்கள். கேள்வியின் முதல் சொல்லைப் படியுங்கள். டிஸ்கிரைப் என்றால் எண்ணைத் தேடுங்கள், எக்ஸ்ப்ளெய்ன் என்றால் 'எனவே'யைத் தேடுங்கள், கம்பேர் என்றால் 'இரண்டும்', 'ஆனால்' இரண்டையும் தேடுங்கள். அவை இல்லாவிட்டால், ஆறுக்கு ரெண்டு ஏன் என்பதற்குப் பதில் அங்கேயே இருக்கிறது.