பிடிஎஃப் கோப்பில் பெயர், அடையாள எண்ணை மறைப்பது எப்படி? கறுப்புப் பட்டை மட்டும் போதாது

ஒரு பிடிஎஃப் கோப்பில் பெயர்களின் மேலும் எண்களின் மேலும் கறுப்புப் பட்டை வரைந்துவிட்டால் அவை மறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அவை மறைவதில்லை, பட்டைக்குக் கீழே அப்படியே இருக்கின்றன. அதற்குக் காரணம் என்ன, நிரந்தரமாக நீக்க என்ன செய்வது, நீங்கிவிட்டதா என்று எப்படிச் சோதிப்பது? ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

காஜாங்கில் ஒரு பட்டியல்

இது ஒரு கற்பனைச் சூழல்தான். ஆனால் நம் ஊரில் எங்கும் நடக்கக்கூடியது. காஜாங்கில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், உதவி நிதி பெறும் 40 மாணவர்களின் பட்டியலைத் தயாரிக்கிறது. பிள்ளையின் பெயர், மைகிட் எண், பெற்றோரின் பெயர், வங்கிக் கணக்கு எண், தொகை என ஐந்து பத்திகள். தொகையை மட்டும் எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்பது முடிவு. செயலாளர் மற்றவற்றின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து, பிடிஎஃப்பாக வாட்சப் குழுவில் போடுகிறார்.

குழுவில் ஒருவர் அதைக் கணினியில் திறக்கிறார். எல்லாவற்றையும் தேர்வு செய்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுகிறார். 40 பிள்ளைகளின் எண்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. இதற்கு எந்த ஹேக்கரும் தேவையில்லை, இரண்டு விசைகள் போதும்.

கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். மைகிட் எண் அப்படியில்லை. 12 வயதில் மைகார்டு எடுக்கும்போதும் அதே 12 இலக்க எண்தான், வாழ்நாள் முழுக்க அதுதான்.

பட்டைக்குக் கீழே என்ன இருக்கிறது?

பிடிஎஃப் என்பது பக்கத்தின் படம் அல்ல. பக்கத்தை எப்படி வரைய வேண்டும் என்று சொல்லும் கட்டளைகளின் பட்டியல். அந்தச் செயலாளரின் கோப்பில் ஒரு வரியை எளிமையாக்கிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

```
BT /F1 11 Tf 72 700 Td (160230-10-1234) Tj ET
0 0 0 rg 70 696 96 16 re f
```

முதல் வரி, "இந்த இடத்தில் இந்த எண்ணை எழுது" என்கிறது. இரண்டாவது வரி, "அதன் மேல் கறுப்புச் செவ்வகம் ஒன்றை நிரப்பு" என்கிறது. திரையில் நமக்குச் செவ்வகம் மட்டும் தெரிகிறது. கோப்பிலோ இரண்டு கட்டளைகளும் இருக்கின்றன. நகலெடுக்கும்போது மென்பொருள் முதல் வரியைத்தான் படிக்கிறது. (எடுத்துக்காட்டில் உள்ள எண் யாருடையதும் அல்ல. பிப்ரவரி 30 என்று ஒரு நாளே கிடையாது.)

பல செயலிகளில் நாம் வரையும் கட்டம் பக்கத்தின் பகுதியாகக்கூட ஆவதில்லை. அது ஒரு குறிப்புரையாக மேலே ஒட்டப்படுகிறது. அதைச் சொடுக்கி, இழுத்து, ஓரமாக வைத்துவிடலாம்.

வழக்கறிஞர்களும் தப்பவில்லை

2019 ஜனவரி 8 அன்று, டோனல்டு டிரம்ப்பின் 2016 தேர்தல் பிரச்சாரத் தலைவராக இருந்த பால் மேனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள், வாஷிங்டன் நீதிமன்றத்தில் ஓர் ஆவணத்தைத் தாக்கல் செய்தார்கள். முக்கியமான வரிகள் கறுப்பாக்கப்பட்டிருந்தன. செய்தியாளர்கள் அவற்றை நகலெடுத்து வேறு பக்கத்தில் ஒட்டிப் பார்த்தார்கள். தேர்தல் கருத்துக்கணிப்புத் தரவுகளை மேனஃபோர்ட், கான்ஸ்டன்டின் கிலிம்னிக் என்பவருடன் பகிர்ந்ததாக விசாரணைத் தரப்பு கூறும் விவரம் அப்படித்தான் வெளியே வந்தது.

2021 ஜனவரி இறுதியில் ஐரோப்பிய ஆணையத்துக்கு வேறு விதமான சிக்கல். அஸ்ட்ராசெனகா தடுப்பூசி ஒப்பந்தத்தை மறைப்புகளுடன் வெளியிட்டது. பக்கங்களில் கறுப்பு இருந்தது. ஆனால் கோப்பின் ஓரத்தில் தோன்றும் புக்மார்க் பட்டியலில், மறைக்கப்பட்ட வாசகங்களில் சில படிக்கும்படி இருந்தன. பக்கத்தைச் சுத்தம் செய்தாலும் கோப்பின் வேறு மூலையில் அதே சொற்கள் தங்கியிருக்கலாம் என்பதை இது காட்டியது.

சரியாக நீக்க மூன்று வழிகள்

முதல் வழி, மூலக் கோப்பிலேயே நீக்குவது. பட்டியல் எக்செல்லிலோ வேர்டிலோ தயாரானது என்றால் இதுதான் சிறந்தது. ஒரு நகலை எடுத்து, மறைக்க வேண்டிய கட்டங்களில் உள்ளதை அழித்துவிட்டு, "மாணவர் 1", "மாணவர் 2" என்று எழுதி, அதன் பிறகு பிடிஎஃப்பாக மாற்றுங்கள். எழுத்தின் பின்னணிக்குக் கறுப்பு நிறம் கொடுப்பது அழிப்பது ஆகாது. சொல் கோப்பிலிருந்தே போக வேண்டும்.

இரண்டாவது வழி, இதற்கென்றே உள்ள Redact வசதி. அக்ரோபேட் புரோவில் Redact a PDF என்பதைத் திறந்து, மறைக்க வேண்டியதைக் குறியிட்டு, Apply கொடுக்க வேண்டும். இங்கேதான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். குறியிட்டது வெறும் குறிதான், Apply கொடுத்தால்தான் எழுத்து நீங்கும். அப்போது வரும் Sanitize and remove hidden information என்ற தேர்வையும் இயக்கிவிடுங்கள். புக்மார்க், இணைப்பு, ஆசிரியர் பெயர் போன்ற மறைவான தகவல்களை அது நீக்கும். இலவசமான அக்ரோபேட் ரீடரில் இந்த Redact வசதி இல்லை. மேக் கணினியில் பிரிவியூ செயலியில், பிக் சர் பதிப்பிலிருந்து, Tools பட்டியலில் Redact இருக்கிறது.

மூன்றாவது வழி, பக்கத்தையே படமாக்கிவிடுவது. இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் 2019-இல் வந்த 6.3 பதிப்பிலிருந்து இதைச் செய்கிறது. கோப்பை அதன் டிரா செயலியில் திறந்து, Tools, Redact என்று போய், கட்டங்களை வரைந்து, Redacted Export கொடுத்தால், எழுத்தே இல்லாத, படம் மட்டும் உள்ள பிடிஎஃப் கிடைக்கும். திறக்கும்போது எழுத்துரு மாறி வரிகள் சற்று நகரலாம். அதனால் கட்டம் எண்ணை முழுமையாக மூடுகிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. கோப்பின் அளவு பெரிதாகலாம், அதில் எதையும் தேட முடியாது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அதைப் படிக்காது.

"கட்டம் வரைந்த பிறகு Print to PDF கொடுத்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. அது பல நேரங்களில் எழுத்தை எழுத்தாகவே புதிய கோப்புக்குக் கொண்டுபோய்விடும். அக்ரோபேட் ரீடரில் அச்சிடும்போது Advanced பகுதியில் Print As Image என்பதைத் தேர்வு செய்தால்தான் பக்கம் படமாகும்.

கைப்பேசியில் ஸ்கேன் செய்த தாள்

காகிதத்தைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் அது படம்தானே, அதில் எழுத்து ஏது? பல ஸ்கேன் செயலிகள் படத்தில் உள்ள எழுத்துகளைத் தாமாகவே படித்து, கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றைச் சேர்த்துவிடுகின்றன. ஆவணத்தில் தேடும் வசதிக்காக அது இருக்கிறது. படத்தின் மேல் மட்டும் கறுப்பு பூசினால் அந்த அடுக்கு அப்படியே நிற்கும்.

கைப்பேசியின் மார்க்கர் பேனாவும் ஆபத்துதான். அதன் மை பெரும்பாலும் முழுக் கறுப்பு அல்ல, சற்று ஒளி ஊடுருவும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே உள்ள எண் மங்கலாகத் தெரியக்கூடும். எழுத்தைக் கலங்கலாக்குவதையும் கட்டம் கட்டமாகச் சிதைப்பதையும் நம்ப வேண்டாம். அப்படிச் சிதைத்த எழுத்தைத் திரும்பப் படிக்கும் கருவி ஒன்று 2022-இலேயே வெளியிடப்பட்டது.

எதை மறைப்பது? பாதி மறைத்தால் மீதி சொல்லிவிடும்

எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் மறைப்பது நம்மிடையே பழக்கம். ஆனால் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், சிலாங்கூர் என்றால் 10, கோலாலம்பூர் என்றால் 14. ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்குள் பிறந்த தேதி ஒன்றே போதும், யார் என்று தெரிந்துவிடும். கடைசி இலக்கத்தை விட்டுவைத்தாலும் அது பாலினத்தைச் சொல்லும். ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆகவே 12 இலக்கங்களையும் மறைக்க வேண்டும்.

நம் பெயர்முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பிள்ளையின் பெயர் A/L அல்லது A/P போட்டு அப்பாவின் பெயரோடு முடிகிறது. பிள்ளையின் பெயரை மறைத்துவிட்டு, அடுத்த பத்தியில் அப்பாவின் பெயரை விட்டுவிட்டால் மறைத்ததற்கு அர்த்தமே இல்லை. கோப்பின் பெயரையும் கவனியுங்கள். உள்ளே எல்லாம் கறுப்பாக இருக்கும், கோப்பின் பெயரிலேயே மாணவரின் பெயர் இருக்கும்.

கட்டத்தின் நீளமும் பேசும். வாக்கியத்தின் நடுவே ஒரு பெயரை நீக்கினால், விடப்பட்ட இடைவெளியின் அளவை வைத்து, தெரிந்த பெயர்ப் பட்டியலில் எது பொருந்தும் என்று கணிக்க முடியும். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் இதை விளக்கிக் காட்டினார்கள். பட்டியல் என்றால் பத்தியின் முழு அகலத்தையும் மூடுங்கள். வாக்கியம் என்றால் பெயரை எடுத்துவிட்டு "மாணவர் 1" என்று மாற்றி எழுதுவதே பாதுகாப்பு.

அனுப்பும் முன் சோதனை

இறுதிக் கோப்பைச் சேமித்து மூடிவிட்டு, மறுபடியும் திறந்து இவற்றைச் செய்யுங்கள்:

- Ctrl+A, Ctrl+C கொடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். மறைத்த எதுவும் வரக்கூடாது.
- மறைத்த ஓர் எண்ணின் நான்கு இலக்கங்களை Ctrl+F மூலம் தேடுங்கள்.
- லிப்ரே ஆபிஸ் டிராவில் திறந்து, கறுப்புக் கட்டத்தை இழுத்துப் பாருங்கள். நகர்ந்து கீழே எழுத்தோ படமோ தெரிந்தால் வேலை முடியவில்லை.
- புக்மார்க், இணைப்புகள், Properties பகுதிகளைப் பாருங்கள்.

கட்டளை வரி பழக்கம் உள்ளவர்களுக்கு, கோப்பில் உள்ள எழுத்தை எல்லாம் வெளியே காட்டும் கட்டளை இது:

```
pdftotext senarai.pdf -
```

நகலெடுத்து ஒட்டும்போது எதுவும் வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்கேன் செய்த கோப்பில் எழுத்தே இல்லாமல், கட்டத்துக்குக் கீழே முழுப் படம் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது மூன்றாவது சோதனைதான்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டால்?

வாட்சப்பில் எல்லாருக்கும் அழித்தாலும், பதிவிறக்கம் செய்தவரின் கணினியில் உள்ள நகல் போகாது. ஆகவே உடனே அழித்துவிட்டு, பட்டியலில் உள்ள குடும்பங்களிடம் எந்தெந்த விவரம் வெளியானது என்று நேரடியாகச் சொல்வதே முறை. அவர்கள் வங்கியைத் தொடர்புகொள்ளவும், தங்கள் பெயரையும் கணக்கு எண்ணையும் சரியாகச் சொல்லி வரும் மோசடி அழைப்புகளை அடையாளம் காணவும் அது உதவும். வணிக நிறுவனங்களுக்கு இதில் சட்டக் கடமையும் உண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பை உண்டாக்கக்கூடிய கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மறைப்பில்லாத மூலக் கோப்பைத் தனி இடத்தில், தெளிவாக வேறு பெயரில் வையுங்கள். சரியாக நீக்கிய கோப்பைத் தயாரித்த பிறகு, அவசரத்தில் பழையதை இணைத்து அனுப்பிவிடும் வாய்ப்பும் இருக்கிறது.